வேக விதி விடை சரியா? தொடக்க வேக அட்டவணை பற்றி என் மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

பட்டர்வொர்த்தில் சனிக்கிழமை மாலைகளில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். தொடக்க வேக அட்டவணையைப் பார்த்து வேக விதி எழுதுவது பெரும்பாலானவர்களுக்கு ஒரே வாரத்தில் வந்துவிடும். எழுதிய விடை சரியா என்று தாங்களே பார்த்துக்கொள்வதுதான் வருவதில்லை. விடைத்தாளைப் புரட்டுகிறார்கள், இல்லையென்றால் என்னைக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். தமிழில் வினைவகை, மலாய்ப் புத்தகத்தில் தெர்திப், வகுப்பில் நாம் சொல்வது ஆர்டர். மூன்றும் ஒன்றுதான். இங்கே ஆர்டர் என்றே எழுதுகிறேன்.

எல்லாக் கேள்விக்கும் ஒரே அட்டவணையை வைத்துக்கொள்வோம். வினை பெராக்சிடைசல்ஃபேட்டும் அயோடைடும் சேர்வது:

S₂O₈²⁻ + 2I⁻ → 2SO₄²⁻ + I₂

எண்கள் வகுப்புக்காக நான் அமைத்தவை. லேப்பில் வருவதுபோல் கொஞ்சம் பிசிறு வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். செறிவுகள் mol dm⁻³, வேகம் mol dm⁻³ s⁻¹.

| வரி | [S₂O₈²⁻] | [I⁻] | தொடக்க வேகம் |
|---|---|---|---|
| 1 | 0.040 | 0.080 | 1.31 × 10⁻⁵ |
| 2 | 0.080 | 0.080 | 2.58 × 10⁻⁵ |
| 3 | 0.040 | 0.040 | 6.50 × 10⁻⁶ |
| 4 | 0.060 | 0.120 | 2.90 × 10⁻⁵ |

விடை எழுதிவிட்டேன் டீச்சர். சரியா என்று முதலில் எதைப் பார்ப்பது?

k-ஐ எல்லா வரிக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு வரிக்கு மட்டும் இல்லை, எல்லா வரிக்கும். வெப்பநிலை மாறாதவரை k மாறக்கூடாது. ஆகவே உங்கள் வேக விதி சரியென்றால் எந்த வரியை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே k வர வேண்டும்.

நம் அட்டவணையில் வரி 1-இலிருந்து 2-க்குப் போகும்போது பெராக்சிடைசல்ஃபேட் மட்டும் இரண்டு மடங்காகிறது. வேகம் 2.58 ÷ 1.31, அதாவது 1.97 மடங்கு. ஆர்டர் 1. வரி 3-இலிருந்து 1-க்கு வந்தால் அயோடைடு மட்டும் இரண்டு மடங்கு. வேகம் 13.1 ÷ 6.50, அதாவது 2.02 மடங்கு. அதுவும் ஆர்டர் 1. எனவே:

வேகம் = k[S₂O₈²⁻][I⁻]

இப்போது வேகத்தை இரண்டு செறிவுகளின் பெருக்கலால் வகுத்தால் வரி 1-இல் 4.09 × 10⁻³, வரி 2-இல் 4.03 × 10⁻³, வரி 3-இல் 4.06 × 10⁻³, வரி 4-இல் 4.03 × 10⁻³ வருகிறது. நான்குக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. சராசரி 4.05 × 10⁻³ dm³ mol⁻¹ s⁻¹. இவ்வளவுதான் சோதனை, இரண்டு நிமிடம்கூட ஆகாது.

நானும் இரண்டு வரிக்கு k போட்டேன், அப்படியே ஒத்துப்போனது. ஆனால் விடைத்தாளில் என் வேக விதி தப்பு என்று இருக்கிறது. எப்படி?

எந்த இரண்டு வரி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. போன வருடம் ஒரு மாணவி இதே அட்டவணைக்கு வேகம் = k[S₂O₈²⁻][I⁻]² என்று எழுதிக்கொண்டு வந்தாள். சமன்பாட்டில் அயோடைடுக்கு முன்னால் 2 இருக்கிறதே, அதைத் தூக்கி அடுக்கில் வைத்துவிட்டாள். “சரிபார்த்தேன் டீச்சர், k ஒன்றாகத்தான் வருகிறது” என்றாள். பொய் இல்லை. அவள் விதிப்படி வரி 1-இல் k 0.0512, வரி 2-இல் 0.0504. பார்த்தால் யாரும் சரி என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் அந்த இரண்டு வரியிலும் அயோடைடு 0.080-தான். மாறாத ஒன்றுக்கு நீங்கள் என்ன அடுக்கு வைத்தாலும் இரண்டு வரியிலும் k ஒரே அளவு ஏறும் அல்லது இறங்கும், ஒத்துத்தான் போகும். அடுக்கு 2 என்ன, 5 என்று வைத்தாலும் ஒத்துப்போகும். அடுத்த இரண்டு வரிக்கும் போடச் சொன்னேன். வரி 3-இல் 0.102, வரி 4-இல் 0.0336. அப்போதுதான் குட்டு உடைந்தது.

ஆகவே k-ஐ ஒப்பிடும்போது, நீங்கள் சந்தேகப்படும் பொருளின் செறிவு அந்த வரிகளுக்கிடையே மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் அந்தப் பொருளின் ஆர்டரை நீங்கள் சோதிக்கவே இல்லை.

k ஒத்துவரவில்லை என்று தெரிந்துவிட்டது. தப்பு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டுமா?

வேண்டாம். k எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த மாணவியின் நான்கு k-களையும் அயோடைடு செறிவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

| [I⁻] | தப்பான விதியில் k |
|---|---|
| 0.040 | 0.102 |
| 0.080 | 0.0512, 0.0504 |
| 0.120 | 0.0336 |

அயோடைடு இரண்டு மடங்கானால் k பாதியாகிறது, மூன்று மடங்கானால் மூன்றில் ஒன்றாகிறது. தேவைக்கு மேல் ஒருமுறை அயோடைடால் வகுத்துவிட்டோம் என்று அர்த்தம். ஆர்டர் ஒன்று அதிகம். 2-ஐ 1 ஆக்கினால் சரியாகிவிடும்.

எதிர்ப்பக்கமும் இதேபோலத்தான். அயோடைடுக்கு ஆர்டர் 0 என்று ஒருவர் எழுதியிருந்தால் k வரி 3-இல் 1.63 × 10⁻⁴, வரி 1-இல் 3.28 × 10⁻⁴ என்று அயோடைடோடு சேர்ந்தே ஏறும். செறிவோடு k ஏறினால் ஆர்டர் குறைவு, செறிவு ஏற k இறங்கினால் ஆர்டர் அதிகம். k இப்படிச் செறிவோடு சீராக ஏறவோ இறங்கவோ செய்யாமல், ஒரே ஒரு வரி மட்டும் தனியாக விலகி நின்றால் ஆர்டரைத் தொடாதீர்கள். அந்த வரியின் எண்ணைத் தப்பாக எழுதியிருப்பீர்கள், அல்லது பத்தின் அடுக்கைக் கோட்டை விட்டிருப்பீர்கள்.

கேள்வியில் மூன்றே வரிதான் இருக்கிறது. மூன்றிலும் k அச்சாக ஒன்று. நூறு சதவீதம் சரிதானே?

அச்சாக ஒன்று என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், பாடப்புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இரண்டு வினைபடு பொருள்கள் என்றால் நமக்குத் தெரியாதவை மூன்று: இரண்டு ஆர்டர்கள், ஒரு k. மூன்று வரி கொடுத்தால் மூன்று சமன்பாடு. மூன்று சமன்பாட்டுக்கு மூன்று விடையை எப்போதுமே பொருத்திவிடலாம். அட்டவணையில் எண்கள் குப்பையாக இருந்தாலும் பொருந்தும்!

நம்பிக்கை வரவில்லை என்றால் நம் அட்டவணையின் முதல் மூன்று வரியை எடுத்து, வரி 3-இன் வேகத்தை 6.50-க்குப் பதில் 5.60 × 10⁻⁶ என்று தப்பாக எழுதிக்கொள்ளுங்கள். அயோடைடின் விகிதம் 13.1 ÷ 5.60 = 2.34. லாகரிதம் எடுத்தால் ஆர்டர் 1.23. பெராக்சிடைசல்ஃபேட்டுக்கு 0.98. இந்த அடுக்குகளை முழு இலக்கத்தோடு அப்படியே வைத்து k போட்டால் மூன்று வரியிலும் கடைசிப் புள்ளிவரை ஒரே எண் வரும். தப்பான எண்ணை வைத்துக்கொண்டு!

அப்படியென்றால் மூன்று வரியில் சோதனை எங்கே இருக்கிறது? இரண்டு இடத்தில். முதலாவது, 1.23 என்ற அந்த எண்ணிலேயே இருக்கிறது. நல்ல அட்டவணை 0, 1, 2 போன்ற எண்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், இது நிற்கவில்லை. இரண்டாவது, முதலில் முழு எண்ணாக்கிவிட்டு அப்புறம் k போடுங்கள். ஆர்டரை 1 என்று எடுத்தால் வரி 1-இல் 4.09 × 10⁻³, வரி 2-இல் 4.03 × 10⁻³, ஆனால் வரி 3-இல் 3.50 × 10⁻³. பதினான்கு சதவீதம் கீழே. தப்பான வரி தானே தலையைக் காட்டிவிட்டது.

நான்காவது வரி இருந்தால் அது கூடுதல் சாட்சி. அதை ஆர்டர் கண்டுபிடிக்கச் செலவழிக்காதீர்கள், சோதனைக்கு என்று ஒதுக்கி வையுங்கள்.

அந்த நான்காவது வரியில் இரண்டு செறிவும் ஒரே நேரத்தில் மாறுகிறதே, அதை எப்படிப் பயன்படுத்துவது?

ஆர்டர் கண்டுபிடிக்கத்தான் அது சிரமம், சோதிக்க அருமையான வரி. வேகத்தை முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். வரி 1-இலிருந்து இரண்டு செறிவும் 1.5 மடங்கு. நம் விதிப்படி வேகம் 1.5 × 1.5 = 2.25 மடங்காக வேண்டும். 1.31 × 2.25 = 2.95. அட்டவணையில் 2.90. இரண்டு சதவீதத்துக்குள்தான் வித்தியாசம், போதும்.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஒரே 1.5 மடங்கு மாறுவதால் இந்த வரி இரண்டு ஆர்டர்களின் கூட்டுத்தொகையை மட்டும்தான் சோதிக்கிறது. யாராவது பெராக்சிடைசல்ஃபேட்டுக்கு 2, அயோடைடுக்கு 0 என்று எழுதியிருந்தாலும் இதே 2.25 வந்து வரி 4-ஐத் தாண்டிவிடுவார்கள். அவர்கள் மாட்டுவது வரி 2-இலும் 3-இலும்தான். அதனால்தான் ‘எல்லா வரியும்’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

விகிதம் 1.97 வந்தால் 2 என்று எடுக்கலாம், சரி. 2.8 வந்தால் 3 என்று எடுக்கலாமா?

கூடாது. பக்கத்து எண்ணுக்குத் திருத்த வேண்டியது ஆர்டரை, விகிதத்தை இல்லை. செறிவு இரண்டு மடங்காகி வேகம் 2.83 மடங்கானால் அது 2-இன் 1.5 அடுக்கு, ஆர்டர் ஒன்றரை. ஒன்றரை என்பது கற்பனை இல்லை. அசிட்டால்டிஹைடு வெப்பத்தில் சிதைவது ஒன்றரை ஆர்டர். ஹைட்ரஜன், புரோமின் வினையின் தொடக்க வேகத்தில் புரோமினுக்கு அரை ஆர்டர். ஒன்றரை ஆர்டரை யாராவது 2 என்று எடுத்தால் செறிவு இரட்டித்த வரியில் k 1.41 மடங்கு கீழே விழும், k சோதனையில் பிடிபடும்.

எவ்வளவு விலகலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது செறிவை எத்தனை மடங்கு மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. வேக விகிதத்தில் 5 சதவீதப் பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செறிவை இரட்டித்திருந்தால் ஆர்டரில் 0.07 அளவுதான் விலகும். செறிவை வெறும் 1.2 மடங்கு மாற்றியிருந்தால் அதே 5 சதவீதம் ஆர்டரை 0.27 நகர்த்திவிடும். அப்புறம் அது 1-ஆ, 1.5-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இரண்டு வரிகளை விட்டுவிட்டு, செறிவு அதிகமாக மாறியிருக்கும் வரிகளைத் தேடுங்கள்.

கணினியில் போடுபவர்களுக்கு, செறிவு B பத்தியிலும் வேகம் D பத்தியிலும் இருந்தால்:

```
=LN(D3/D2)/LN(B3/B2)
```

கால்குலேட்டரில் 2.58 × 10⁻⁵ ÷ 1.31 × 10⁻⁵ போட்டால் 10⁻¹⁰ என்று ஏதோ வருகிறது.

× குறியையும் 10-ஐயும் தனித்தனியாக அழுத்தியிருப்பீர்கள். கால்குலேட்டர் இடமிருந்து வலமாகப் போய், 1.31-ஆல் வகுத்துவிட்டு மறுபடியும் 10⁻⁵-ஆல் பெருக்கிவிட்டது. பத்தின் அடுக்குக்கென்றே இருக்கும் `×10ˣ` விசையை அழுத்துங்கள், பழைய மாடலில் `EXP`. இல்லையென்றால் கீழே உள்ள எண்ணை அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

சமன்பாட்டிலேயே இல்லாத H⁺ வேக விதியில் வருகிறது, இருக்கிற I₂ வரவில்லை. நான் எங்கோ சொதப்பியிருக்கிறேனா?

அமில ஊடகத்தில் புரோப்பனோனும் அயோடினும் சேரும் வினை என்றால் சொதப்பவில்லை. அது வேகம் = k[CH₃COCH₃][H⁺]. அயோடினுக்கு ஆர்டர் 0, வேகத்தைத் தீர்மானிக்கும் படிக்குப் பிறகுதான் அது உள்ளே வருகிறது. H⁺ வினையூக்கி.

வேகம் தரவில்லை, நிறம் மாற ஆன நேரம் மட்டும்தான் தந்திருக்கிறார்கள். 1/t-ஐ வேகமாக எடுக்கலாமா?

ஆர்டருக்கு எடுக்கலாம், k-க்கு எடுக்கக்கூடாது. நம் வினையில் ஸ்டார்ச்சோடு ஒரு நிலையான அளவு தயோசல்ஃபேட் சேர்ப்போம். உண்டாகும் அயோடினை அது தின்றுகொண்டே இருக்கும், தீர்ந்தவுடன் கருநீலம். தயோசல்ஃபேட் 0.0010 mol dm⁻³ என்று வைத்துக்கொண்டால், இரண்டு தயோசல்ஃபேட்டுக்கு ஒரு அயோடின் என்பதால் நீலம் வரும்வரை உண்டான அயோடின் 0.00050. வரி 1-இல் நேரம் 38 வினாடி என்றால் வேகம் 0.00050 ÷ 38 = 1.3 × 10⁻⁵. அட்டவணையில் உள்ளதே வந்துவிட்டது.

இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. எல்லா வரியிலும் தயோசல்ஃபேட்டின் செறிவு ஒன்றுதானா? ஒரு வரியில் மாறியிருந்தாலும் 1/t ஒப்பீடு செல்லாது. அப்புறம், நீலம் வருவதற்குள் வினைபடு பொருள் எவ்வளவு செலவாகிறது? வரி 1-இல் 0.040-இலிருந்து 0.00050, ஒன்றேகால் சதவீதம்தான். இதைத் தொடக்க வேகம் என்று தாராளமாகச் சொல்லலாம். தயோசல்ஃபேட்டைப் பத்து மடங்கு ஊற்றியிருந்தால் பன்னிரண்டரை சதவீதம் போயிருக்கும். அப்போது நீங்கள் அளப்பது தொடக்க வேகம் இல்லை, சராசரி வேகம்.

எங்கள் சொந்த லேப் எண்களில் k ஏறிக்கொண்டே போகிறது. எந்த ஆர்டரை மாற்றினாலும் அடங்கவில்லை.

எந்த வரிசையில் பரிசோதனை செய்தீர்கள் என்று பாருங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு குழு இப்படித்தான் வந்தது. k செறிவோடு சேர்ந்து ஏறவில்லை, கடிகாரத்தோடு சேர்ந்து ஏறியிருந்தது. காலை பத்து மணிக்குச் செய்ததில் குறைவு, கடைசியாகச் செய்ததில் அதிகம். விசாரித்தால், நடுவில் லேப்பின் ஏர்கான் நின்றுவிட்டதாம். பினாங்கு வெயிலில் 25 டிகிரி அறை 30-க்குப் போக எவ்வளவு நேரமாகும்? இந்த வினையில் அந்த ஐந்து டிகிரிக்கே k ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடும். செறிவை இரட்டித்த வரியைக் கடைசியாகச் செய்திருந்தால் ஆர்டர் 1 என்பது 1.5 போலத் தெரியும். கரைசல்களைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் வெப்பநிலையை எழுதச் சொன்னேன். முதல் வரியைக் கடைசியில் இன்னொரு முறையும் செய்யச் சொன்னேன். அந்த இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் மற்ற கணக்கு எதையும் தொட வேண்டாம்.

இந்த வினைக்கென்று இன்னொரு சங்கடமும் உண்டு. இரண்டும் எதிர்மின் அயனிகள், எனவே கரைசலில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதும் வேகத்தைத் தொடும். உப்பு கூடினால் வேகம் கூடும். பொட்டாசியம் அயோடைடைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் தண்ணீர் ஊற்றினால் உப்பும் சேர்ந்து குறைகிறது. அதனால் அதே செறிவுள்ள பொட்டாசியம் நைட்ரேட் கரைசலை ஊற்றி ஈடுகட்டுவார்கள். செய்முறைத் தாளில் நைட்ரேட் ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆர்டர் எல்லாம் சரி. ஆனால் k விடைத்தாளில் உள்ளதைவிட மிகச்சரியாக இரண்டு மடங்கு.

மிகச்சரியாக இரண்டு என்றால் நீங்கள் எடுத்தது அயோடைடு குறையும் வேகமாக இருக்கும். ஒரு முறை வினை நடக்க இரண்டு அயோடைடு போகிறது, ஆகவே அது வினையின் வேகத்தைப் போல் இரண்டு மடங்கு. தயோசல்ஃபேட் கணக்கில் அந்தப் பாதியை மறந்தாலும் இதே இரண்டு மடங்குதான் வரும். எல்லா வரியிலும் ஒரே மடங்கு என்பதால் ஆர்டரை இது பாதிக்காது, k சோதனையிலும் தெரியாது. கேள்வியில் “அயோடைடு மறையும் வேகம்” என்று இருக்கிறதா, “வினையின் வேகம்” என்று இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. 60 மடங்கு வித்தியாசம் என்றால் நிமிடத்தை வினாடியாக்க மறந்திருக்கிறீர்கள்.